தொலைதூரக் கல்வி: பீஸ் கட்டியாச்சு, ஆனா எக்ஸாம் எழுத முடியலையா? பெயர், அசைன்மென்ட், தேர்வு மையம்... எங்கே சிக்குகிறது?

வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடிக்க நினைப்பவர்களுக்கு தொலைதூரக் கல்வியும் ஆன்லைன் படிப்பும்தான் கைகொடுக்கின்றன. மொபைலிலேயே அட்மிஷன் போட்டுவிடலாம், பீஸும் கட்டிவிடலாம். ஆனால் சேர்ந்தவர்களில் பலர் தடுமாறுவது பாடத்தில் அல்ல. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் வேறு பெயர் என்று ஒருவர் நிற்பார். அசைன்மென்ட் தேதியைத் தவறவிட்டு இன்னொருவர் நிற்பார். ஊரில் ஒரு மையத்தைத் தேர்வு செய்துவிட்டு லீவு கிடைக்காமல் மற்றொருவர் நிற்பார்.

சேரும் நாளில் இருந்து தேர்வு நாள் வரை எந்தெந்த இடத்தில் என்ன பார்க்க வேண்டும்? ஒரு உதாரணத்தோடு விரிவாகப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு ஒருவர்

தென்காசி பக்கம் சொந்த ஊர். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை. வயது 27. இளங்கலை முடித்தவர், இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், ஜூலை சேர்க்கையில் முதுகலைப் படிப்பில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் நான்கு தாள்கள். அடுத்த ஜூனில் தேர்வு எழுத வேண்டும். அவருடைய தம்பி வேறொரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் எம்.பி.ஏ. படிக்கிறார். அவருக்கு வீட்டில் இருந்தே கேமரா முன்னால் தேர்வு.

அக்கா, தம்பி இருவருக்கும் விதிகள் வேறு வேறு. ஆனால் இருவருக்கும் முதல் சிக்கல் ஒரே இடத்தில்தான் வரும். அது பெயர்.

முதலில் DEB-ID: இது என்ன புதுசா?

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு, 2024-25 கல்வியாண்டில் இருந்து ஒரு புதிய நடைமுறையைக் கொண்டுவந்தது. இந்தியாவில் தொலைதூரப் படிப்பிலோ ஆன்லைன் படிப்பிலோ சேரும் மாணவர் ஒவ்வொருவரும் DEB-ID என்ற எண்ணை உருவாக்க வேண்டும். அது இல்லாமல் அட்மிஷன் முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதற்கு இரண்டு படிகள். முதலில் டிஜிலாக்கரில் உள்ளே போய் ABC ID என்ற 12 இலக்க எண்ணை உருவாக்க வேண்டும். நீங்கள் வாங்கும் கிரெடிட்கள் சேமிக்கப்படும் கணக்கு அது. அடுத்து deb.ugc.ac.in தளத்துக்குப் போய், அந்த எண்ணைக் கொடுத்து DEB-ID வாங்க வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. "நாங்க எடுத்துத் தர்றோம், ஐந்நூறு ரூபாய் குடுங்க" என்று யாராவது கேட்டால், நீங்களே பத்து நிமிஷத்தில் செய்யக்கூடிய வேலைக்குத்தான் அந்தக் காசு.

இதே தளத்தில் இன்னொரு வேலையும் முடித்துவிடலாம். நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் குறிப்பிட்ட ஆண்டில் அனுமதி இருக்கிறதா என்பதை இங்கே பார்க்கலாம். பல்கலைக்கழகத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம், செவிலியர் போன்ற படிப்புகளை தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்த அனுமதியே இல்லை. அனுமதி பெற்ற படிப்பாக இருந்தால், ரெகுலர் டிகிரிக்கு இணையாகவே அது கருதப்படும் என்று யுஜிசி 2022-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இனிஷியல் எங்கே நிற்கிறது?

இங்கேதான் தமிழ்நாட்டு மாணவர்களுக்கென்றே ஒரு தனிப் பிரச்சினை இருக்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. இனிஷியல்தான். அந்த இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் விரிந்து அப்பாவின் முழுப் பெயராக மாறியிருக்கும்.

நம் உதாரணப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு பெயர் இருக்கிறது. ஆதாரில் இனிஷியலே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த வாக்காளர் அட்டையில் கணவர் பெயரின் முதல் எழுத்து இனிஷியலாக வந்திருக்கிறது. மூன்றும் ஒரே ஆள்தான், ஊருக்கே தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

டிஜிலாக்கர் எடுப்பது ஆதாரில் இருக்கும் பெயரை. அதனால் ABC ID அந்தப் பெயரில்தான் உருவாகும். DEB-ID-யும் அதையே பின்பற்றும். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி பெயரை எழுதச் சொல்வார்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால் சில சமயம் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சில சமயம் நிற்காது, தாண்டிப் போய்விடும். உண்மையில் இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து. ஏனென்றால் பிரச்சினை தேர்வு அறை வாசலிலோ, டிகிரி சான்றிதழ் கைக்கு வரும்போதோதான் தெரியும்.

*அப்போ எதைத் திருத்துறது?*

பொதுவாக, மார்க் ஷீட்டில் இருப்பதை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்துவதே சுலபம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் திருத்துவது பள்ளி, கல்வி அலுவலகம் என்று நீண்டுகொண்டே போகும் வேலை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை திருத்தலாம். பிறந்த தேதிக்கு ஒரே ஒரு முறைதான். அதனால் அவசரப்பட்டு ஒரு எழுத்தை மாற்றிவிட்டு, பிறகு மறுபடி மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிடக் கூடாது. இனிஷியல் எங்கே வர வேண்டும், நடுவில் புள்ளியா இடைவெளியா, ஆங்கில எழுத்துக்கூட்டல் என்ன என்பதை மார்க் ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து, அப்படியே எழுத்து எழுத்தாகக் கொடுக்க வேண்டும்.

ஆதார் திருந்திய பிறகு டிஜிலாக்கரில் உள்ளே போய், அங்கேயும் புதிய பெயர் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் ABC ID எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பழைய பெயரிலேயே எண் உருவாகிவிடும்.

ஆதார் திருத்தத்துக்குச் சில நாட்கள் ஆகலாம் என்பதால், அட்மிஷன் கடைசி நாளன்று இதைத் தொடங்கினால் வேலைக்கு ஆகாது. சேரலாம் என்று முடிவு செய்த அன்றே, விண்ணப்பம் திறக்கும் முன்பே, நான்கு ஆவணங்களையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பெயரைப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

எந்த முகவரி கொடுப்பது? அதில் என்ன இருக்கிறது?

இக்னோ விண்ணப்பத்தில் மண்டல மையத்தையும், அதன் கீழ் வரும் கற்றல் மையத்தையும் தேர்வு செய்யச் சொல்வார்கள். நிறையப் பேர் இதைச் சடங்கு மாதிரி நினைத்து, ஆதாரில் உள்ள சொந்த ஊர் முகவரிக்குப் பக்கத்தில் இருப்பதை டிக் அடித்துவிடுகிறார்கள்.

நம் உதாரணப் பெண்ணும் அப்படித்தான் தென்காசிப் பக்கம் ஒரு மையத்தைத் தேர்வு செய்கிறார். "ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்" என்பது அவர் கணக்கு. ஆனால் அசைன்மென்ட்டை ஒப்படைக்க வேண்டிய இடம் அந்தக் கற்றல் மையம்தான். கவுன்சலிங் வகுப்பு நடப்பதும் அங்கேதான். திருப்பூரில் இருந்து ஒவ்வொரு முறையும் ஒரு ராத்திரி பஸ், ஒரு நாள் சம்பளம் என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

அடுத்த இரண்டு வருஷம் நீங்கள் எந்த ஊரில் இருக்கப்போகிறீர்களோ அந்த ஊருக்குப் பக்கத்து மையம்தான் உங்களுக்கான மையம். ஆதார் முகவரி வேறு ஊராக இருந்தாலும், கடிதப் போக்குவரத்துக்கான முகவரி என்று தனியாக ஒரு இடம் விண்ணப்பத்தில் இருக்கும். அதில் இப்போது இருக்கும் முகவரியைக் கொடுக்கலாம். பிறகு மாற வேண்டி வந்தால் மையத்தை மாற்றிக்கொள்ள வழி உண்டு, ஆனால் அது தனி விண்ணப்பம், தனிக் காத்திருப்பு.

அசைன்மென்ட்: 30 மார்க் தானே என்று விட்டால்...

இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் ஒரு தாளின் மதிப்பெண் இரண்டாகப் பிரியும். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், பருவ இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம். யுஜிசி விதிகளும் இறுதித் தேர்வுக்கு இப்படி பெரும்பங்கு கொடுக்கச் சொல்கின்றன. இதைப் பார்த்துவிட்டு "எழுபதுல நல்லா வாங்கிட்டா போதுமே" என்று நினைப்பவர்கள் அதிகம். இங்கேதான் கணக்கு தப்புகிறது.

முதுகலையில் தேர்ச்சி பெற அசைன்மென்ட்டில் தனியாக 40, தேர்வில் தனியாக 40 எடுக்க வேண்டும். இளங்கலையில் இது 35. இரண்டையும் கூட்டிப் பார்த்து பாஸ் போட மாட்டார்கள்.

நம் உதாரணப் பெண் ஒரு தாளில் 100-க்கு 62 எடுக்கிறார். அசைன்மென்ட்டில் 70. தேர்வுப் பங்கு 62-ல் 70 சதவீதம், அதாவது 43.4. அசைன்மென்ட் பங்கு 70-ல் 30 சதவீதம், அதாவது 21. மொத்தம் 64.4. நல்ல மதிப்பெண்தான்.

அதே 62-ஐ எடுத்துவிட்டு அசைன்மென்ட்டே கொடுக்கவில்லை என்றால்? 43.4 இருக்கிறது, நாற்பதைத் தாண்டிவிட்டது என்று தோன்றும். ஆனால் கிரேடு கார்டில் அந்தத் தாள் முடிக்கப்படாதது என்றே இருக்கும். எல்லாத் தாளும் முடியாமல் டிகிரி கிடைக்காது.

மறுபக்கமும் உண்டு. அசைன்மென்ட்டில் 90 எடுத்து, தேர்வில் 36 எடுத்தால் கூட்டு மதிப்பெண் 52.2 வரும். ஆனாலும் தேர்வில் 40 இல்லாததால் அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டும்.

ஒரே ஒரு ஆறுதல், தேர்ச்சி பெற்ற பகுதி வீணாகப் போகாது. தேர்வில் எடுத்த 62 அப்படியே இருக்கும். அடுத்த முறை அசைன்மென்ட்டை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் பழைய கேள்விகளுக்கு எழுதி வைத்திருந்ததைக் கொடுக்க முடியாது. புதிய அமர்வுக்கான கேள்வித்தாளை எடுத்து மறுபடி எழுத வேண்டும். ஒரு தேதியைத் தவறவிட்டதற்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ போய்விடும்.

எந்தத் தேதி உண்மையான தேதி?

அசைன்மென்ட் கேள்விகள் உள்ள புக்லெட்டிலேயே கடைசித் தேதி அச்சாகியிருக்கும். ஜூன் தேர்வுக்கு மார்ச், ஏப்ரல் வாக்கிலும், டிசம்பர் தேர்வுக்கு செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் அது வரும். பிறகு பல்கலைக்கழகம் அந்தத் தேதியை நீட்டிப்பதும் வழக்கமாக நடக்கிறது. "எப்பவும் நீட்டிப்பாங்கப்பா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது சொல்வார்கள். அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. நீட்டிப்பு வந்தால் லாபம், வராவிட்டால் முதல் தேதிதான் தேதி.

ஒப்படைக்கும்போது அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. முதலாவது, வேறு அமர்வின் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதுவது. ஜனவரி சேர்க்கைக்கும் ஜூலை சேர்க்கைக்கும் கேள்விகள் வேறாக இருக்கலாம். புக்லெட்டின் முதல் பக்கத்தில் எந்த அமர்வு என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும். இரண்டாவது, முன்பக்கத்தில் பதிவு எண், பாடக் குறியீடு, மையக் குறியீடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைத் தவறாக எழுதுவது. மூன்றாவது, ஒப்படைத்ததற்கான ஆதாரம் இல்லாமல் போவது.

மூன்றாவதுதான் பிறகு தலைவலி. அசைன்மென்ட் மதிப்பெண் ஆன்லைனில் ஏற வாரக்கணக்கில் ஆகும். ஏறவே இல்லை என்று கேட்கப்போனால், "எப்பம்மா குடுத்தீங்க? ரசீது இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். நேரில் கொடுத்தால் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒப்புகையை வாங்க வேண்டும். தபாலில் அனுப்பினால் ஸ்பீடு போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஆன்லைனில் ஏற்ற அனுமதி இருந்தால் ஏற்றியதும் வரும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். எப்படிக் கொடுத்தாலும் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் போட்டோ எடுத்து வைப்பது அரை மணி நேர வேலைதான்.

அசைன்மென்ட் கொடுத்தாச்சு, அப்போ தேர்வு தானா வந்துடுமா?

வராது. புதிதாகச் சேர்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். அட்மிஷன் கட்டணம் வேறு, தேர்வுக் கட்டணம் வேறு. ஒவ்வொரு தேர்வுக்கும் தனியாகப் படிவம் நிரப்பி, தாளுக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும்.

இக்னோவின் சமீபத்திய தேர்வுகளில் ஒரு எழுத்துத் தேர்வுத் தாளுக்கு 200 ரூபாய். நம் உதாரணப் பெண்ணுக்கு நான்கு தாள், ஆக 800 ரூபாய். கடைசித் தேதியைத் தவறவிட்டால் 1,100 ரூபாய் தாமதக் கட்டணம் சேரும். அதாவது 800 ரூபாயில் முடிய வேண்டியது 1,900 ரூபாய் ஆகும். தாமதக் கட்டணத்துக்கான தேதியும் போய்விட்டால் அந்தத் தேர்வே இல்லை, அடுத்த ஆறு மாதம் கழித்துத்தான்.

பணம் கட்டும்போது வங்கிக் கணக்கில் இருந்து போய்விட்டது, ஆனால் தளத்தில் 'நிலுவை' என்று காட்டுகிறது என்ற நிலை வரலாம். உடனே மறுபடி கட்ட வேண்டாம். ஒரு நாள் பொறுத்து மீண்டும் உள்ளே போய்ப் பார்த்து, படிவம் வெற்றிகரமாக ஏற்கப்பட்டது என்ற பக்கம் வந்தால் அதைச் சேமிக்க வேண்டும். அந்தப் பக்கம் இல்லாமல் ஹால் டிக்கெட் வராது. இதற்காகத்தான் கடைசி நாளுக்குக் குறைந்தது நான்கைந்து நாள் முன்பே கட்டிவிட வேண்டும்.

தேர்வு மையம்: யார் முடிவு செய்கிறார்கள்?

அந்தத் தேர்வுப் படிவத்திலேயே மையத்தையும் தேர்வு செய்ய வேண்டும். கற்றல் மையம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தேர்வும் எழுத வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. பட்டியலில் உள்ள வேறு மையத்தையும் எடுக்கலாம். ஆனால் ஒரு தடவை சமர்ப்பித்துவிட்டால் மாற்றம் பொதுவாகக் கிடையாது. நீங்கள் தேர்வு செய்த மையம் அந்த முறை செயல்படவில்லை என்றால் பக்கத்தில் வேறு மையத்தை ஒதுக்குவார்கள்.

இதனால்தான் படிவத்தில் தேர்வு செய்ததை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. ஹால் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் மையம்தான் இறுதி. தேர்வுக்குச் சில நாட்கள் முன்புதான் அது வரும். வந்ததும் முகவரியை வரைபடத்தில் தேடி, முடிந்தால் முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. ஒரே பெயரில் இரண்டு பள்ளிகள், கல்லூரியின் இரண்டு வளாகங்கள் என்று குழப்பம் வருவது சகஜம்.

மையம் தேர்வு செய்யும் முன் கால அட்டவணையையும் பார்க்க வேண்டும். காலைத் தேர்வு பெரும்பாலும் 10 மணிக்கு, மதியத் தேர்வு 2 மணிக்கு. நான்கு தாள் என்றால் பெரும்பாலும் நான்கு நாட்கள், அவை அடுத்தடுத்த நாட்களில் வரும் என்று சொல்ல முடியாது. நம் உதாரணப் பெண் சொந்த ஊரில் மையம் எடுத்தால் நான்கு முறை பயணம் செய்ய வேண்டும், அல்லது மூன்று வாரம் லீவு வேண்டும். திருப்பூருக்குப் பக்கத்தில் எடுத்தால் நான்கு அரைநாள் பெர்மிஷனில் முடிந்துவிடும். முன்பு தவறவிட்ட தாள்களையும் சேர்த்து எழுதுபவர்கள், இரண்டு தாள்கள் ஒரே நேரத்தில் மோதுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மோதினால் உங்களுக்காகத் தேதியை மாற்ற மாட்டார்கள், ஒன்றை அடுத்த தேர்வுக்குத் தள்ள வேண்டும்.

வாசலில் என்ன கேட்பார்கள்?

ஹால் டிக்கெட்டோடு பல்கலைக்கழகம் கொடுத்த மாணவர் அடையாள அட்டையும் வேண்டும். அட்டையை மாணவர் லாக்இனில் இருந்து பதிவிறக்கலாம். யுஜிசி விதிகள் தேர்வு மையங்களில் சிசிடிவி கேமராவும், பயோமெட்ரிக் முறையில் வருகைப் பதிவும் இருக்க வேண்டும் என்கின்றன. அதனால் ஆதாரின் அசலையும் கையில் வைத்திருப்பது பாதுகாப்பு.

ஆரம்பத்தில் பெயரைச் சரிசெய்யாமல் விட்டவருக்கு இங்கேதான் வியர்க்கும். ஹால் டிக்கெட்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர். "ஏம்மா, இது யாரு பேரு?" என்று கண்காணிப்பாளர் கேட்பார். "சார், அது வீட்டுக்காரர் இனிஷியல் சார், நான்தான் சார் ரெண்டும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் மணி பத்தைத் தாண்டிவிடும். புகைப்படம் பொருந்தி, பிறந்த தேதியும் பொருந்தினால் அனுமதிப்பவர்களும் உண்டு. எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் அது அந்த நேரத்தில் அங்கே இருப்பவரின் முடிவு, உங்கள் உரிமை இல்லை. திருமணத்தால் பெயர் மாறியிருந்தால், திருமணப் பதிவுச் சான்றையும் கோப்பில் சேர்த்து வைக்கலாம்.

ஆன்லைன் டிகிரி என்றால் வீட்டிலேயே தேர்வா?

எப்போதும் இல்லை. உதாரணத்துக்கு, சென்னை ஐஐடியின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பில் பாடங்கள் எல்லாம் ஆன்லைனில்தான். வாராவாரம் அசைன்மென்ட்டும் ஆன்லைனில்தான். ஆனால் வினாடி வினாத் தேர்வுகளையும் இறுதித் தேர்வையும் ஒதுக்கப்பட்ட மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்ட்டில் தேவையான அளவு மதிப்பெண் எடுத்தால்தான் தேர்வுக்கே தகுதி. ஆகவே சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "கிளாஸ் ஆன்லைனா?" என்பது மட்டும் இல்லை. "எக்ஸாம் எங்கே, எப்படி?" என்பதும்தான்.

ஆன்லைன் படிப்புகளுக்கு மையத்தில் கம்ப்யூட்டர் வழித் தேர்வு, கண்காணிப்போடு வீட்டில் இருந்தபடி தேர்வு என்ற இரண்டு முறைகளுமே நடைமுறையில் உள்ளன. நம் உதாரணத்தில் தம்பிக்குக் கிடைத்தது இரண்டாவது.

கேமரா முன்னால் அடையாளச் சோதனை எப்படி நடக்கும்?

தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு மாதிரித் தேர்வுக்கான இணைப்பு வரும். இதைச் செய்யாமல் விடக் கூடாது. கேமரா, மைக், இணைய வேகம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பல தளங்கள் மொபைலில் இயங்காது, லேப்டாப் வேண்டும். அதிலும் தேர்வுக்கான தனி பிரவுசரை நிறுவச் சொல்வார்கள். அலுவலக லேப்டாப்பில் புதிதாக எதையும் நிறுவ அனுமதி இருக்காது. தேர்வு தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது இது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தேர்வு அன்று முதலில் முகத்தைப் படம் பிடிப்பார்கள். அதை அட்மிஷனில் கொடுத்த புகைப்படத்தோடு ஒப்பிடுவார்கள். அடுத்து அடையாள அட்டையைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். பிறகு லேப்டாப்பைச் சுற்றித் திருப்பி அறையையும் மேஜையையும் காட்டச் சொல்வார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேள்வித்தாள் திறக்கும்.

இங்கே சிக்குவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துத் தெரியும், ஒப்பீடு தோற்றுவிடும். ஜன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும். லேமினேட் செய்த ஆதார் அட்டையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டுப் பெயர் மறையும், லேசாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஐந்து வருஷம் முந்தைய போட்டோவை அட்மிஷனில் ஏற்றியிருந்தால், தாடியும் கண்ணாடியுமாக இருக்கும் இப்போதைய முகத்தோடு அது பொருந்தாமல் போகலாம். அட்மிஷனுக்குப் புதிய போட்டோ எடுப்பது இதற்காகத்தான். மொபைலில் இருக்கும் டிஜிட்டல் அட்டையை ஏற்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அறிவுறுத்தலில் முன்கூட்டியே படித்துவிட வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் உள்ள வராத!"

தேர்வு ஓடும்போது மென்பொருள் சில விஷயங்களைக் குறித்துக்கொண்டே இருக்கும். திரையில் இரண்டாவது முகம் தெரிந்தது, முகமே காணவில்லை, வேறு விண்டோவுக்குப் போனார், பேச்சுச் சத்தம் கேட்டது என்று ஒவ்வொன்றும் பதிவாகும். ஒற்றை அறை வீட்டில் இதில் இருந்து தப்புவது கஷ்டம். காபி டம்ளரோடு அம்மா வருவார், பக்கத்து வீட்டில் டிவி ஓடும். படிக்கும்போது உதட்டை அசைத்து முணுமுணுக்கும் பழக்கம்கூடப் பேச்சாகப் பதிவாகலாம்.

இப்படிப் பதிவானதாலேயே தேர்வு ரத்து ஆகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அந்தப் பதிவை ஒருவர் பார்த்துத்தான் முடிவு செய்வார். ஆனால் எச்சரிக்கை திரையில் வந்தால் அதைக் கவனித்து உடனே சரிசெய்ய வேண்டும். பலமுறை வந்தால் தேர்வு தானாகவே மூடிக்கொள்ளும் தளங்களும் உண்டு.

கரண்ட் போனால்? லேப்டாப் முழு சார்ஜில் இருக்க வேண்டும், வைஃபைக்கு மாற்றாக மொபைல் டேட்டா தயாராக இருக்க வேண்டும். ஆனால் அந்த மொபைலைக் கையில் எடுத்தாலே அதுவும் பதிவாகும். ஹாட்ஸ்பாட்டை முன்பே இணைத்துச் சோதித்துவிட்டு, போனைத் தள்ளி வைத்துவிட வேண்டும். இணைப்பு அறுந்தால் மறுபடி உள்ளே நுழைந்து தொடர முடியும் தளங்களில், அறுந்த நேரத்தையும் திரையில் வந்த செய்தியையும் குறித்துக்கொண்டு, தேர்வு முடிந்த அன்றே உதவி மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் நிரூபிப்பது கடினம்.

கடைசியாக, காலண்டரில் என்னென்ன குறிக்க வேண்டும்?

நம் உதாரணப் பெண்ணின் ஒரு வருஷத்தில் உண்மையான கெடுக்கள் ஐந்துதான். விண்ணப்பத்துக்கு ஒரு மாதம் முன்பு பெயரைச் சரிபார்த்து, ஆதார் திருத்தம், ABC ID, DEB-ID என்ற வரிசையில் முடிப்பது. அட்மிஷன் கடைசி நாள். புக்லெட்டில் உள்ள அசைன்மென்ட் தேதி. தாமதக் கட்டணம் இல்லாமல் தேர்வுப் படிவம் நிரப்பும் கடைசி நாள். ஹால் டிக்கெட் வந்ததும் மையத்தையும் பெயரையும் சரிபார்க்கும் நாள். இரண்டாம் ஆண்டுக்கான மறுபதிவும் தனியாக உண்டு. முதல் ஆண்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல் அதற்கான தேதிக்குள் அதையும் கட்டிவிட வேண்டும்.

இந்த ஐந்து தேதிகளும் ஒன்றோடு ஒன்று இணைக்கப்படவில்லை. ஒன்றை முடித்ததால் அடுத்தது தானாக நடக்காது, ஒன்றைத் தவறவிட்டதாக யாரும் போன் செய்து சொல்லவும் மாட்டார்கள். இன்று அட்மிஷன் போடும் திட்டம் இருந்தால், பீஸ் கட்டும் பக்கத்தைத் திறக்கும் முன்பு பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயரை ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்டால், எழுத்துக்கு எழுத்து இன்னொரு தடவை பாருங்கள்.